'வார்ம்' விளக்கைத் தாண்டாத ரைஸ் குக்கர்

சுவிட்சை அழுத்தியதும் 'குக்' விளக்கு எரியாமல் 'வார்ம்' விளக்கிலேயே நிற்பது ஒரு கோளாறு. எந்த விளக்கும் எரியாமல், சூடும் ஏறாமல் கிடப்பது வேறு கோளாறு. முதலாவதில் தெர்மோஸ்டாட்டையும் சுவிட்சையும், இரண்டாவதில் தெர்மல் ஃபியூஸையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சூடாகும் தட்டின் நடுவே ஸ்பிரிங் மேல் நிற்கும் சின்ன வட்டக் குமிழ்தான் தெர்மோஸ்டாட். சுவிட்சை அழுத்தினால் அதற்குள் உள்ள காந்தம் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். தண்ணீர் வற்றி, சூடு ஏறத்தாழ 103 டிகிரியைத் தொட்டதும் காந்தத்தின் பிடி விடும். ஸ்பிரிங் தள்ள, சுவிட்ச் 'வார்ம்' நிலைக்கு வரும்.

ஆகவே சுவிட்ச் அழுத்தியும் நிற்காமல் மேலே வந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டுக் குமிழை விரலால் அழுத்திப் பாருங்கள். தடையின்றி இறங்கி ஏற வேண்டும். ஓரத்தில் காய்ந்த பருக்கை சிக்கியிருந்தாலும், பாத்திரத்தின் அடி நசுங்கியிருந்தாலும் குமிழ் சரியாக அழுந்தாது. இப்போதுதான் சமைத்து முடித்த குக்கர் என்றால் ஆறும்வரை காத்திருங்கள். சுவிட்ச் கீழேயே நின்றும் 'குக்' விளக்கு வரவில்லை என்றால், உள்ளே சுவிட்சின் பாயிண்டுகளில் கரி படிந்திருக்கலாம்.

இரண்டாவது கோளாறுக்கு 700 வாட் குக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சில நாட்களாக அடிச்சோறு கருகியது. பிறகு ஒருநாள் அடங்கிவிட்டது. பாத்திரத்தை உள்ளே வைத்து சுவிட்சை அழுத்தி, பிளக்கின் தடித்த எர்த் பின்னை விட்டு மற்ற இரு பின்களில் மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 75 ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லை. வயரை மாற்றியும் அதே கதை. அடித்தகட்டைக் கழற்றினால், சூட்டைத் தாங்கும் வெள்ளை உறைக்குள் தெர்மல் ஃபியூஸ் தெரிகிறது. அதன் இரு முனைகளுக்கிடையே மீட்டர் பீப் அடிக்கவில்லை: ஃபியூஸ் போய்விட்டது. ஹீட்டர் தட்டு மட்டும் 75 ஓம் காட்டுகிறது. அது நன்றாக இருக்கிறது.

இங்கேயே புது ஃபியூஸைப் போட்டு மூடிவிடக் கூடாது. ஃபியூஸ் ஏன் போனது? சுவிட்ச் மேலே வந்த பிறகும் பாயிண்டுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியே நிற்கின்றன. அதனால் தெர்மோஸ்டாட் விடுவித்தும் மின்சாரம் நிற்கவில்லை. அடிச்சோறு கருகியதும் அதனால்தான். சுவிட்சையும் மாற்றினால்தான் புது ஃபியூஸ் நிலைக்கும்.

பழைய ஃபியூஸின் மேல் அச்சிட்டிருக்கும் டிகிரி, ஆம்பியர் இரண்டும் அப்படியே பொருந்தும் ஃபியூஸையே வாங்குங்கள். சால்டர் செய்தால் அந்தச் சூட்டிலேயே அது போய்விடலாம். அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் இணைப்பு நல்லது. ஃபியூஸுக்குப் பதில் வெறும் கம்பியை முறுக்கினால், அடுத்த முறை தீயைத் தடுக்க உள்ளே எதுவும் இருக்காது.

மூடிய பிறகு, எர்த் பின்னுக்கும் மற்ற பின்களுக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்யுங்கள். பிறகு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் வற்றிய சற்று நேரத்தில் சுவிட்ச் தானாக மேலே வந்து 'வார்ம்' விளக்கு எரிந்தால், அரிசி போடலாம்.