வேலைவாய்ப்புத் தளங்களில் பணம் கட்டலாமா?
(சில வினாக்களும் விடைகளும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். நம் கல்லூரியில்தான் வேதியியல் பயின்று சென்ற ஆண்டு வெளியேறினார். வேலை தேடும் இணையதளம் ஒன்றில் பெயரைப் பதிவு செய்த மூன்றாம் நாள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "கம்பெனிக்காரர்கள் கண்ணில் உங்கள் விவரம் முதலில் படும்படி செய்கிறோம்" என்றார்கள். அக்காவின் தாயார் மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தந்த பணத்திலிருந்து 4,130 ரூபாயை அவர் கட்டினார். அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்று பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. மூன்றாமாண்டு நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்ட வினாக்களையே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

வினா: இத்தளங்களில் பதிவு செய்வதற்கே கட்டணம் உண்டா?

விடை: இல்லை. 1997இல் தொடங்கிய நௌக்ரி ஆனாலும், 2003இல் வந்த லிங்க்ட்இன் ஆனாலும், பெயர் பதிவதற்கும், சுயவிவரம் ஏற்றுவதற்கும், வேலைக்கு விண்ணப்பிப்பதற்கும் காசு கேட்பதில்லை. அப்படியானால் தளம் எப்படி நடக்கிறது? ஆள் தேடும் நிறுவனம் பணம் கட்டுகிறது. விளம்பரம் போடுவதற்கும், நம் போன்றோரின் விவரங்களைத் தேடிப் பார்ப்பதற்கும் அது கட்டணம் செலுத்துகிறது. ஆகவே தளத்தின் முதன்மையான வாடிக்கையாளர் நிறுவனம்தான். நாம் பதிவு செய்வதே தளத்துக்கு ஆதாயம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இவை தவிர அரசே நடத்தும் தளங்களும் உண்டு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2015இல் தொடங்கிய தேசியத் தொழில் சேவைத் தளம் ncs.gov.in என்னும் முகவரியில் உள்ளது. தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்புத் தளம் tnprivatejobs.tn.gov.in. இரண்டிலும் வேலை தேடுவோருக்கு எல்லாம் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களின் அறிவிப்பும் மாநிலத் தளத்தில் வரும்.

வினா: பிறகு பிரீமியம் என்று எதை விற்கிறார்கள்?

விடை: தளத்துக்குத் தளம் பெயர் வேறு, சரக்கு பெரும்பாலும் மூன்றுதான். முதலாவது முன்னிடம்: நிறுவனம் தேடும்போது வரும் பட்டியலில் நம் பெயரை மேலே காட்டுவது. இரண்டாவது தகவல்: நம் விவரத்தை யார் பார்த்தார்கள், ஒரு வேலைக்கு நம்மோடு போட்டியிடுவோர் எத்தகையவர் என்று காட்டுவதும், அறிமுகமில்லாத அதிகாரிக்கு நேரே செய்தி அனுப்ப விடுவதும். மூன்றாவது எழுத்து வேலை: நமக்காகச் சுயவிவரம் எழுதித் தருவது. விலை சொல்லும்போது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை. அக்காவிடம் முன்னிடத்துக்கு மூன்று மாதத்துக்கு 2,000 ரூபாய், எழுதித் தருவதற்கு 1,500 ரூபாய் என்றுதான் சொன்னார்கள். வரி 630 சேர்ந்து 4,130 ஆனது ரசீது வந்த பிறகே தெரிந்தது.

வினா: பட்டியலில் முன்னே வருவது நல்லதுதானே?

விடை: பட்டியலில் இருந்தால் நல்லது. இங்குதான் விஷயமே இருக்கிறது. நிறுவனத்தின் ஆளெடுக்கும் அலுவலர் எப்படித் தேடுகிறார் என்று பாருங்கள். மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்துக்குப் புதியவர் வேண்டும் என்று கொள்வோம். அவர் என்ன படிப்பு, எந்த ஆண்டு தேறியவர், எந்த ஊரில் வேலை செய்யச் சம்மதம் என்று கட்டங்களை நிரப்புகிறார். Quality Control, Titration போன்ற சொற்களைத் தட்டச்சு செய்கிறார். கடைசியாகத் தளத்துக்குள் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் குறித்து, நெடுநாள் வராதவர்களைத் தள்ளிவிடுகிறார். இத்தனை சல்லடைகளிலும் தங்கியவர்களே பட்டியலில் வருவார்கள்.

பிரீமியம் வேலை செய்வது அதற்குப் பிறகுதான். சல்லடையில் தங்கியவர் 300 பேர் என்றால், 180ஆம் இடத்தில் இருப்பவரை 10ஆம் இடத்துக்கு அது கொண்டுவரலாம். ஆனால் சல்லடையில் விழுந்துவிட்ட மணியை மேலே எடுத்து வைக்க அதனால் முடியாது. ஊர் பொருந்தாவிட்டாலும், தேடிய சொல் நம் விவரத்தில் இல்லாவிட்டாலும், எவ்வளவு கட்டினாலும் அந்தப் பட்டியலில் நாம் இல்லை.

வினா: அக்காவுக்கு என்னதான் நடந்தது?

விடை: மூன்று மாதத்தில் 64 பேர் அவருடைய விவரத்தைத் திறந்து பார்த்ததாகத் தளம் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வந்த அழைப்புகளோ ஏழு. அவற்றில் நான்கு காப்பீட்டு முகவர் வேலை. இரண்டு, பயிற்சிக்குப் பணம் கட்டச் சொன்ன நிலையங்கள். ஒன்று மட்டும் ஓர் அலுவலகத்தில் தரவு உள்ளிடும் வேலை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அழைப்பும் இல்லை.

பிறகு அவருடைய பக்கத்தைத் திறந்து வரிவரியாகப் பார்த்தோம். தலைப்பு வரியில், சவாலான பணியை நாடும் கடின உழைப்பாளி என்று ஆங்கிலத்தில் இருந்தது. திறன்கள் என்ற இடத்தில் எம்.எஸ். ஆபீஸ், நல்ல பேச்சுத்திறன், நேர்மை. விரும்பும் ஊர் என்ற கட்டத்தில் எங்கள் ஊர் மட்டும். எங்கள் ஊரில் மருந்துத் தொழிற்சாலையே கிடையாது! நேர்மை என்ற சொல்லைத் தட்டச்சு செய்து ஆள் தேடும் அலுவலர் யார் இருக்கப் போகிறார்? காப்பீட்டுக்காரருக்குப் படிப்பும் திறனும் பொருட்டல்ல, தொலைபேசி எண் போதும். ஆகவே முன்னிடம் அக்காவை அவர்களிடம்தான் கொண்டு சேர்த்தது.

1,500 ரூபாய்க்கு எழுதி வந்த சுயவிவரமும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாமாண்டில் அவர் ஆறு வாரம் செய்த குடிநீர் ஆய்வுத் திட்டம் அதில் ஒரே வரி. எந்தக் கருவியைக் கையாண்டார், எதை அளந்தார் என்பது இல்லை. எழுதியவருக்கு அது தெரியாது. தெரிந்தவர் அக்கா ஒருவர்தான்.

வினா: எதை மாற்றினீர்கள்?

விடை: நான்கு மாற்றங்கள், செலவு இல்லை. தலைப்பு வரியில் படிப்பையும், தேறிய ஆண்டையும், தேடும் வேலையின் பெயரையும் போட்டோம். திறன்களில் தரம்பார்த்தல், கரைசல் தயாரித்தல், பி.எச். மீட்டர், நிறமாலை ஒளிமானி என்று அவர் கையால் செய்தவற்றை மட்டும், விளம்பரங்களில் வரும் ஆங்கிலச் சொற்களாலேயே எழுதினோம். செய்யாத ஒன்றையும் சேர்க்கவில்லை. நேர்காணலில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும். விரும்பும் ஊர்களில் ஓசூர், சென்னை, பெங்களூரு, ஐதராபாத் ஆகியவற்றைச் சேர்த்தோம். இதற்கு வீட்டில் சம்மதம் வாங்கத்தான் நாள் பிடித்தது. கடைசியாக, வாரம் ஒரு முறையேனும் தளத்துக்குள் சென்று ஏதேனும் ஒரு வரியைத் திருத்தி வைக்கச் சொன்னேன். நெடுநாள் வராதவரைத் தள்ளும் சல்லடைக்கு இதுவே மாற்று.

இன்னொரு சிறு சோதனை. பழைய சுயவிவரத்தைக் கைப்பேசியால் படமெடுத்து ஏற்றியிருந்தார். படத்தில் உள்ள எழுத்தைப் பல தளங்களின் இயந்திரம் படிப்பதில்லை. கோப்பைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். எழுத்தாக ஒட்டினால் சரி. ஒட்டாவிட்டால் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அடுத்த ஐந்து வாரத்தில் நான்கு அழைப்புகள் வந்தன. மூன்று ஆய்வுக்கூட வேலைகள். அப்போது பிரீமியம் முடிந்துவிட்டிருந்தது. இரண்டாவது நேர்காணலில் அக்கா தேர்வாகி, இப்போது ஓசூர்ப் பக்கம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியாளராக இருக்கிறார்.

இதை நான் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்க வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். நாங்கள் நான்கை ஒன்றாக மாற்றினோம். ஆனாலும் பணம் கட்டிய காலத்தில் வராத அழைப்பு கட்டாத காலத்தில் வந்தது என்பது மட்டும் உண்மை.

வினா: அப்படியானால் பணம் கட்டுவது எப்போதுமே வீணா?

விடை: அப்படிச் சொல்வது நியாயமாகாது. சில ஆண்டு அனுபவம் பெற்றவர், தம் துறையில் குறிப்பிட்ட அதிகாரிகளுக்கு நேரே செய்தி அனுப்ப விரும்பினால் அந்த வசதி பயன்படும். லிங்க்ட்இன் பிரீமியத்தோடு அதன் பாட வகுப்புகளும் சேர்ந்து வருகின்றன. அவற்றை உண்மையாகவே படிப்பவருக்கு அது தனி லாபம். புதியவருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் இலவச விவரத்தைச் சரி செய்து இரண்டு மாதம் பாருங்கள். உரிய வேலைகளுக்கான அழைப்பு ஓரளவு வந்து, இன்னும் கூடினால் நன்று என்ற நிலையில் ஒரு மாதத்துக்குக் கட்டிப் பார்க்கலாம். அழைப்பே வராத நிலையில் கட்டுவது, விதை போடாத நிலத்துக்கு உரம் வாங்குவது போன்றது.

வினா: முதல் மாதம் இலவசம் என்கிறார்களே, அதில் சேரலாமா?

விடை: சேரலாம், நாளைக் குறித்துக்கொண்டு. இலவச மாதத்துக்கும் அட்டை எண்ணையோ யு.பி.ஐ. ஒப்புதலையோ முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். மாதம் முடிந்ததும் ரத்து செய்யாவிட்டால் தொகை தானே பிடிக்கப்படும். அட்டைகளில் இப்படித் தானே பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு தர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விடுவதுதான் நம்மவர் வழக்கம். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியில் நாம் கொடுத்த ஒப்புதல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அங்கேயே ரத்து செய்யலாம். சேவையைப் பற்றிய குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வினா: வேலை உறுதி, முன்பணம் கட்டு என்று அழைத்தால்?

விடை: அது பிரீமியம் அன்று, மோசடி. தளம் தன் சேவைக்குக் கட்டணம் கேட்பது வேறு; வேலை தருவதாகச் சொல்பவரே பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, மடிக்கணினி அனுப்பும் செலவு என்று கேட்பது வேறு. நேர்காணலே இல்லாமல் நியமனக் கடிதம் வந்தாலும், பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் கடிதம் சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தாலும் ஐயப்படுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போடச் சொன்னால் நம் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்றே பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்ல வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்தி வைக்க வழியுண்டு.

அக்கா முதல் மாதச் சம்பளத்தில் குழுக் கடனின் மிச்சத்தை அடைத்துவிட்டார். "அந்த 4,130ஐ ஓசூருக்குப் பஸ் செலவுக்கும் விடுதி முன்பணத்துக்கும் வைத்திருந்தால் கைமாற்று வாங்கியிருக்க வேண்டாம்" என்று சென்ற வாரம் சொன்னார். அடுத்து வேலை தேடப் போகும் நண்பர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.