டோல்கேட்டில் உள்ளூர்க்காரருக்கு என்ன சலுகை?

மதுரைக்குத் தெற்கே கப்பலூர் சுங்கச்சாவடியில் பல ஆண்டுகளாக ஒரு வாக்குவாதம் ஓயவில்லை. சாவடிக்குப் பக்கத்திலேயே திருமங்கலம் இருக்கிறது. மதுரையில் வேலை பார்ப்பவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் இந்தச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும். "எங்க ஊருக்குள்ள போறதுக்கு எதுக்குங்க காசு?" என்பது அவர்களுடைய கேள்வி. 2024 ஜூலையில் உள்ளூர் வண்டிகளுக்கும் கட்டணம் கேட்டபோது அது போராட்டமாகவும் கடையடைப்பாகவும் வெடித்தது. பேச்சுவார்த்தை நடந்தது, விட்டுக்கொடுத்தார்கள், பிறகு மீண்டும் சிக்கல் வந்தது.

அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் பேச்சுவார்த்தையில் கிடைக்கும் சலுகை வேறு, சட்டத்தில் எழுதியிருக்கும் சலுகை வேறு. முதலாவதை அதிகாரி மாறினால் எடுத்துவிடலாம். இரண்டாவதைக் கேட்டு வாங்கலாம். அது 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் இருக்கிறது. "உள்ளூர்க்காரருக்கு இலவசம்" என்று அந்த விதிகளில் ஓரிடத்திலும் இல்லை. உள்ளூர்க்காரருக்கு அவை தருவது மாதப் பாஸ்.

சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வண்டி சொந்த உபயோகத்துக்குப் பதிவானதாக, அதாவது வெள்ளை போர்டு வண்டியாக இருக்கவேண்டும். 2007-08இல் மாதம் 150 ரூபாய் என்று வைத்த கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்து, 2025-26 நிதியாண்டில் 350 ரூபாயாகியிருக்கிறது. இதைக் கட்டினால் அந்த மாதம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். ஆனால் பாஸில் குறிப்பிட்ட அந்த ஒரு சாவடிக்குத்தான் இது செல்லும். அடுத்த சாவடியையும் தாண்டினால் அங்கே முழுக் கட்டணம்.

ஆர்.சி. புக்கையும், முகவரி உள்ள ஆதார் போன்ற சான்றையும் எடுத்துக்கொண்டு சாவடி அலுவலகத்துக்குப் போனால், பாஸை உங்கள் பாஸ்டேக்குடன் இணைத்துவிடுவார்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது முகவரியில்தான். வேலைக்காகக் குடிவந்தவரின் ஆதாரில் இன்னும் சொந்த ஊர் முகவரியே இருந்தால், 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறார் என்பதைக் காட்ட முடியாது. இன்னொன்று தேதி. விதி சொல்வது காலண்டர் மாதம். 25ஆம் தேதி பணம் கட்டுகிறவர், பாஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்பதை முதலில் கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது.

2025 ஆகஸ்ட் 15 முதல் வருடாந்திரப் பாஸும் வந்துவிட்டதால், எதை எடுப்பது என்ற குழப்பம் கூடியிருக்கிறது. 2025-26 நிதியாண்டில் அதன் கட்டணம் 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 பயணம், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். இது நாட்டின் எல்லாத் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளிலும் செல்லும், ஆனால் தனியார் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். கப்பலூர் மாதிரிச் சாவடிகளில் ஒருமுறை தாண்டுவது ஒரு பயணம். போய்வந்தால் இரண்டு கழிந்துவிடும்.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குக் காரில் வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒருவழிக் கட்டணம் 100 ரூபாய் என்று வைப்போம். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 முறை தாண்டுகிறார். பாஸ் ஏதும் இல்லாமல், 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிடும் ஒன்றரை மடங்குக் கட்டணத்தில் போனால் மாதம் 3,750 ரூபாய் ஆகும். யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய 50 பயண மாதப் பாஸுக்கு 50 ஒருவழிக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3,333 ரூபாய். வருடாந்திரப் பாஸ் எடுத்தால் 200 பயணமும் நான்கே மாதத்தில் தீர்ந்துவிடும். 2025-26 கட்டணத்தில் ஆண்டுக்கு மூன்று பாஸ் எடுத்து 9,000 ரூபாய் கட்டவேண்டும். உள்ளூர்ப் பாஸோ அதே ஆண்டின் கட்டணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 4,200 ரூபாய்தான். இவருக்கு அதை மிஞ்ச வேறு வழியில்லை.

அதே தெருவில் வாரம் ஒருமுறை மட்டும் மதுரைக்குப் போய்வருகிறவரின் கணக்கு வேறு. ஆண்டுக்கு 104 பயணம்தான் ஆகும். அவருக்கு வருடாந்திரப் பாஸே லாபம். மீதிப் பயணங்களில் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ போய்வரலாம். மாதத்துக்குப் பதினொரு முறைக்கு மேல் போய்வந்தால் உள்ளூர்ப் பாஸ், அதற்குக் குறைந்தால் வருடாந்திரப் பாஸ் என்பது தோராயமான எல்லைக்கோடு.

மஞ்சள் போர்டு வண்டிக்கு இந்த இரண்டும் கிடையாது. டாக்சியோ சரக்கு வண்டியோ, சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவாகியிருந்தால் பாதிக் கட்டணம். நேஷனல் பர்மிட்டில் ஓடினால் அதுவும் இல்லை. இங்கே தூரத்தைப் பார்ப்பதில்லை, பதிவான மாவட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் பதிவான டாக்சி, சாவடிக்கு எத்தனை அருகில் நின்றாலும் முழுக் கட்டணம் கட்டவேண்டும். அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது சரியான நியாயமாக எனக்குப் படவில்லை.

இனி, ஒரு ரூபாயும் இல்லாமல் தாண்டக்கூடியவர்கள். பைக், ஆட்டோ, டிராக்டர், அறுவடை இயந்திரம், மாட்டுவண்டி ஆகியவற்றுக்குக் கட்டணமில்லை. 2025 ஜூனில், பைக்குக்கும் கட்டணம் வரப்போகிறது என்று செய்தி பரவியபோது மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே அதை மறுத்தார். ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி, பணியில் செல்லும் தீயணைப்பு வண்டி, ராணுவ வண்டி, சீருடைப் போலீஸ் வண்டி, மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்த வண்டி ஆகியவையும் இலவசம். மாற்றுத்திறனாளி ஒருவர் சாதாரணக் காரில் ஏறிப் போவதால் மட்டும் அந்தக் கார் இதில் சேராது. வண்டியே அவருக்காக அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

குடியரசுத் தலைவரில் தொடங்கி, முதலமைச்சர், நீதிபதிகள், எம்.பி.க்கள் என்று நீளும் பட்டியலும் உண்டு. எம்.எல்.ஏ.வுக்குச் சொந்த மாநிலத்துக்குள், அடையாள அட்டை காட்டினால் விலக்கு. பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா முதலிய வீர விருது பெற்றவர்களுக்கும் உண்டு. இந்தப் பட்டியல் சொல்வது, அவர்களை ஏற்றிச்செல்லும் வண்டியை. அவர்கள் உள்ளே இல்லாதபோது மகனோ கட்சிக்காரரோ ஓட்டிவரும் காருக்கு அது பொருந்தாது. பத்திரிகை, வக்கீல், டாக்டர் என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எதற்கும் விதியில் இடமில்லை. ஓய்வுபெற்ற ராணுவ வீரர் என்பதற்காகவும் விலக்கு கிடையாது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் இலவசமும் இருக்கிறது. பாஸ்டேக் செல்லுபடியாக இருந்து, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் கருவிதான் படிக்க மறுக்கிறது என்றால், வண்டியைக் கட்டணமில்லாமல் விடவேண்டும். பூஜ்ய ரூபாய் ரசீதும் தரவேண்டும். 2018இல் வந்த திருத்தம் இது. அந்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே பயணத்துக்குக் கணக்கில் பணம் கழிந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

இவை எல்லாம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கான விதிகள். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைச் சாவடி மாநில அரசைச் சேர்ந்தது. அங்கே வருடாந்திரப் பாஸ் செல்லாது.

உள்ளூர்ப் பாஸ் கேட்டுப் போகிறவரைத் திருப்பி அனுப்பப் பயன்படக்கூடிய வரி ஒன்றும் விதியிலேயே இருக்கிறது. சாவடியைத் தவிர்த்துப் போக சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருந்தால் பாஸ் தரவேண்டியதில்லை. பாதிக் கட்டணச் சலுகைக்கும் இதே நிபந்தனைதான். பைக்குகூட, சர்வீஸ் ரோடு இருந்தும் பிரதான சாலையில் வந்தால் காரின் கட்டணத்தில் பாதி கேட்க விதி இடம் தருகிறது. அதனால், "சர்வீஸ் ரோடு இருக்கு, பாஸ் கிடையாது" என்று கவுன்டரில் சொன்னால், அந்த ரோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து சாவடிக்கு அந்தப் பக்கம் வரை அது உண்மையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மறுப்பையும் எழுத்திலேயே கேட்டுவாங்கி, 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யுங்கள்.