ஒவ்வொரு லீஃபிலிருந்தும் நான்கு கேபிள்

நீங்கள் ரயில் டிக்கெட் பதிவு செய்ய ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் போனிலிருந்து டேட்டா சென்டருக்குப் போவது ஒரு சிறு கோரிக்கைதான். ஆனால் அதற்குப் பதில் தயாராவதற்குள், உள்ளே இருக்கும் சர்வர்கள் தங்களுக்குள் பலமுறை பேசிக்கொள்கின்றன. ஒன்று உங்கள் கணக்கைச் சரிபார்க்கும், ஒன்று இருக்கை நிலவரத்தைத் தேடும், ஒன்று கட்டணத்தைக் கணக்கிடும். வாசலைக் கடந்து வரும் போக்குவரத்தைவிட வீட்டுக்குள் நடக்கும் போக்குவரத்து பல மடங்கு பெரிதாகிவிட்டது. பழைய நெட்வொர்க் அமைப்பு தடுமாறியது இங்கேதான்.

பழைய அமைப்பு கீழே அகன்று மேலே குறுகும். ரேக்கில் ஒரு ஸ்விட்ச், பல ரேக்குகளுக்கு மேலே ஒரு ஜோடி, எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு ஜோடி. ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுட்காலம் கிடையாது. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே வளையம் உண்டாகிவிட்டால் பொட்டலம் அதிலேயே சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே முடக்கிவிடும். இதைத் தடுக்க 1985-இல் டிஇசி நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் உருவாக்கியதுதான் ஸ்பானிங் ட்ரீ. வளையம் உண்டாக்கும் இணைப்புகளை அது தானே கண்டுபிடித்து மூடிவைக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் மேலே போகும் இரண்டு கேபிள்களில் ஒன்று எப்போதும் சும்மா கிடக்கும், அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருப்போம்.

லீஃப்-ஸ்பைன் அமைப்பில் இரண்டே தட்டுகள். சர்வர்கள் மாட்டப்படும் ஸ்விட்ச் லீஃப். லீஃப்களை இணைக்கும் ஸ்விட்ச் ஸ்பைன். ஒவ்வொரு லீஃபும் எல்லா ஸ்பைனோடும் இணைக்கப்படும். லீஃபுக்கும் லீஃபுக்கும் நேரடி கேபிள் கிடையாது, ஸ்பைனுக்கும் ஸ்பைனுக்கும் கிடையாது. ஆகவே எந்த ரேக்கிலிருந்து எந்த ரேக்குக்குப் போனாலும் தூரம் ஒன்றே: லீஃப், ஸ்பைன், லீஃப். தொலைபேசி இணைப்பகங்களுக்காக பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளாஸ் 1953-இல் எழுதிய கணிதம்தான் இதற்கு அடிப்படை. முக்கியமான மாற்றம் இன்னொன்று. லீஃபுக்கும் ஸ்பைனுக்கும் இடையிலான ஒவ்வொரு கேபிளிலும் ஐபி ரூட்டிங் ஓடுகிறது. அதனால் மூடிவைக்க வேண்டிய இணைப்பு என்று எதுவும் இல்லை. நான்கு ஸ்பைன் இருந்தால் நான்கு வழியிலும் போக்குவரத்து ஓடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லீஃபில் சர்வர்களுக்காக 48 போர்ட், ஒவ்வொன்றும் 25 ஜிகாபிட். மேலே போக ஆறு போர்ட், ஒவ்வொன்றும் 100 ஜிகாபிட். ஸ்பைனில் 100 ஜிகாபிட் போர்ட் 32. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள்தான் இவை. நான்கு ஸ்பைனோடு தொடங்குவோம். சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் லீஃபுக்கு வருவது 1,200 ஜிகாபிட், மேலே போக இடமிருப்பது 400. அதாவது மூன்றுக்கு ஒன்று. எல்லா சர்வர்களும் ஒரே நொடியில் முழு வேகத்தில் பேசுவது அபூர்வம் என்பதால் பொதுவான வேலைகளுக்கு இந்த விகிதம் போதும்.

வளர்ச்சி வரும்போதுதான் இந்த அமைப்பின் அருமை தெரியும். புது லீஃப் வேண்டுமா? அதை வைத்து நான்கு கேபிள் இழுத்தால் முடிந்தது. ஏற்கெனவே இருப்பதைத் தொட வேண்டியதே இல்லை. வேகம் போதவில்லையா? ஐந்தாவது, ஆறாவது ஸ்பைனைச் சேர்த்தால் விகிதம் இரண்டுக்கு ஒன்றாக இறங்கும். ஒரு ஸ்பைன் செத்தாலும் நான்கில் மூன்று பங்கு வேகம் நிற்கும். செலவைக் குறைக்க இரண்டே ஸ்பைனோடு தொடங்குகிறவர்கள் இந்த இடத்தை யோசிப்பதில்லை. அங்கே ஒன்று செத்தால் பாதி போயிற்று.

ஆனால் இந்த வளர்ச்சிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தீர்மானிப்பது ஸ்பைனில் உள்ள போர்ட்டுகளின் எண்ணிக்கை. 32 போர்ட் என்றால் 32 லீஃப், அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது. லீஃப் பழுதானாலும் சர்வர் துண்டிக்கப்படக் கூடாது என்று ஒவ்வொரு சர்வரையும் இரண்டு லீஃப்களில் மாட்டுவது வழக்கம். அப்படிச் செய்தால் 32 என்பது 16 ஜோடியாகிறது. வெளியுலகத்தோடு பேச ஒரு ஜோடியை ஒதுக்கினால் மிச்சம் 15. ஜோடிக்கு 48 சர்வர் என்றால் மொத்தம் 720. விற்பனைக்காரர் காட்டும் படத்தில் 1,536 என்று இருக்கும். இதற்கு மேல் வளர வேண்டுமானால் ஸ்பைன்களுக்கு மேலே மூன்றாவது தட்டு போட வேண்டும், அது புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குச் சமம். ஆகவே முதல் நாளில் கவலையோடு பார்க்க வேண்டியது ஸ்பைனின் போர்ட் எண்ணிக்கையைத்தான்.

நான்கு வழிகளிலும் போக்குவரத்து ஓடும் என்றேன். சமமாக ஓடும் என்று சொல்லவில்லை. ஓர் உரையாடலின் பொட்டலங்கள் வரிசை மாறிப் போய்ச் சேரக் கூடாது என்பதால், ஓர் உரையாடல் முழுவதும் ஒரே வழியில்தான் அனுப்பப்படும். எந்த உரையாடலுக்கு எந்த வழி என்பதை முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து ஒரு கணக்கு முடிவு செய்கிறது. நள்ளிரவில் ஐந்து சர்வர்கள் தலா 25 ஜிகாபிட் வேகத்தில் பேக்கப் அனுப்பும்போது, ஐந்தும் ஒரே கேபிளில் விழுந்தால் அங்கே நெரிசல், மற்ற மூன்றும் காலி. சராசரியைக் காட்டும் வரைபடத்தில் எல்லாம் நலமாகவே தெரியும். ஒவ்வொரு மேல்போர்ட்டிலும் கைவிடப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கையைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இனி விஎக்ஸ்லேனுக்கு வருவோம். லீஃபுக்கு மேலே எல்லாம் ரூட்டிங் என்றால், ஒவ்வொரு ரேக்குக்கும் தனி ஐபி வரிசை இருக்கும். ஒரு மெய்நிகர் கணினியை முதல் ரேக்கிலிருந்து பத்தாவது ரேக்குக்கு மாற்றினால் அதன் ஐபி முகவரியும் மாற வேண்டும். பழைய மென்பொருள்கள் பல இதைத் தாங்காது. முகவரியை உள்ளேயே எழுதிவைத்த டேட்டாபேஸ்கள் உண்டு, முகவரியைப் பார்த்து உரிமம் சரிபார்க்கும் மென்பொருள்கள் உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் இடத்தில் இருவர் ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்துவார்கள். அவர்களைப் பிரித்துவைக்கப் பயன்படும் விலேன் என்ற பழைய முறையில் 4,094 பிரிவுகளுக்கு மேல் கிடையாது.

விஎக்ஸ்லேன் செய்வது, எழுதி மூடிய கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புவதைத்தான். மெய்நிகர் கணினி அனுப்பும் ஈதர்நெட் பொட்டலத்தை லீஃப் அப்படியே எடுத்து, வெளியே ஒரு யுடிபி உறை போட்டு, எதிர் லீஃபின் முகவரியை எழுதி அனுப்புகிறது. அங்கே உறையைப் பிரித்து உள்ளிருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். நடுவிலுள்ள ஸ்பைனுக்கு வெளி முகவரி மட்டும் தெரிந்தால் போதும். ஆயிரக்கணக்கான கணினிகளின் முகவரிகளை அது நினைவில் வைக்க வேண்டியதில்லை. உறையின் மேல் வாடிக்கையாளரைக் குறிக்கும் எண் 24 பிட் நீளம், அதாவது சுமார் 1.67 கோடி பிரிவுகள். 2014-இல் ஆர்எஃப்சி 7348 என்ற ஆவணமாக இது வெளிவந்தது. எந்தக் கணினி எந்த லீஃபுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை ஆரம்பத்தில் எல்லோருக்கும் சத்தம் போட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்று பெரும்பாலும் பிஜிபி ஈவிபிஎன் மூலம் லீஃப்களே ஒன்றுக்கொன்று பட்டியலைச் சொல்லிக்கொள்கின்றன.

உறைக்கு எடை உண்டு. பொட்டலத்துக்கு 50 பைட் கூடுகிறது. உள்ளே 1,500 பைட் பொட்டலம் என்றால் கீழ் நெட்வொர்க் 1,550-ஐத் தாங்க வேண்டும். விஎக்ஸ்லேன் பொட்டலத்தை லீஃப் துண்டாக்கக் கூடாது என்பது விதி. ஆகவே வழியில் ஒரே ஒரு போர்ட் 1,500 என்ற பழைய அளவிலேயே விடப்பட்டிருந்தால், பெரிய பொட்டலங்கள் அங்கே சத்தமில்லாமல் சாகும். இது வெளிப்படும் விதம் குழப்பமானது. பிங் போகும், இணைப்பு உண்டாகும், பக்கம் மட்டும் பாதியில் நிற்கும். அதுவும் நான்கு ஸ்பைனில் ஒன்றின் போர்ட் மட்டும் தவறென்றால், ஏறத்தாழ நான்கில் ஓர் உரையாடல் மட்டுமே தொங்கும். மறுபடி முயன்றால் வேறு வழி கிடைத்துச் சரியாகிவிடும். அப்ளிகேஷன்காரர்கள் நெட்வொர்க்கைக் குறை சொல்வார்கள், நெட்வொர்க்காரர்கள் பிங்கைக் காட்டுவார்கள், நாள் ஓடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. லினக்ஸ் அடிப்படையிலான லீஃபில் இருந்து, துண்டாக்கத் தடை போட்டுப் பெரிய பிங் அனுப்ப வேண்டும்:

```
ping -M do -s 1522 10.1.1.1
```

1,522-உடன் பிங்கின் தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் சரியாக 1,550. எதிர் லீஃபை நோக்கி ஒரு முறை அனுப்பினால் அது ஏதோ ஒரு வழியை மட்டுமே சோதிக்கும். அதனால் ஒவ்வொரு கேபிளின் மறுமுனையில் உள்ள ஸ்பைன் முகவரிக்கும் தனித்தனியாக அனுப்பிப் பார்க்க வேண்டும், அங்கிருந்து திருப்பியும். புத்திசாலித்தனம் என்னவென்றால், முதல் நாளே எல்லா ஸ்பைன்-லீஃப் போர்ட்டிலும் 9,216 என்று வைத்துவிடுவது. பின்னால் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவது எரிச்சலான வேலை.

இன்னொரு விலை, எல்லாம் இரண்டு அடுக்காகிவிடுவது. மெய்நிகர் கணினியிலிருந்து டிரேஸ்ரூட் போட்டால் நடுவிலுள்ள ஸ்பைன்கள் தெரியவே தெரியாது. மேல் அடுக்கில் தெரியும் கோளாறு கீழ் அடுக்கின் எந்தக் கேபிளில் என்று பொருத்திப் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை. ஒரு பிரிவை 30 லீஃப்களுக்கு விரித்துவிட்டால், அதில் ஒரு கணினி போடும் ஒவ்வொரு பொதுக் கூச்சலையும் அதன் லீஃப் மற்ற 29 லீஃப்களுக்கும் நகலெடுத்து அனுப்புவதே பல இடங்களில் உள்ள ஏற்பாடு. ஸ்பானிங் ட்ரீ காலத்துப் புயல் முற்றிலும் போய்விடவில்லை, உறைக்குள் ஒளிந்திருக்கிறது.

என் கருத்தில் மக்கள் செய்யும் பெரிய தவறு, லீஃப்-ஸ்பைனையும் விஎக்ஸ்லேனையும் ஒரே பொருளாக வாங்குவது. அவை இரண்டு தனித்தனி முடிவுகள். பேஸ்புக் 2014-இல் ஐயோவா மாநிலத்தின் அல்டூனாவில் திறந்த டேட்டா சென்டர் க்ளாஸ் வழிப்பட்ட அமைப்புதான். ஆனால் அங்கே ரேக் ஸ்விட்ச் முதலே சாதாரண ஐபி ரூட்டிங்தான். மென்பொருளும் அவர்களுடையது, ரேக் மாறினால் முகவரி மாறுவதைத் தாங்கும்படி எழுதிக்கொள்ளலாம். பிறர் எழுதிய மென்பொருளை ஓட்டும் வங்கிக்கோ, பல வாடிக்கையாளர்களுக்கு இடம் தரும் நிறுவனத்துக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை, அவர்களுக்கு விஎக்ஸ்லேன் வேண்டும். ஸ்விட்ச் பட்டியலைத் தயாரிக்கும் முன் அப்ளிகேஷன்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும்: இந்தக் கணினியின் ஐபி மாறினால் எது உடையும்?

இரண்டு, மூன்று ரேக் மட்டும் உள்ளவர்களுக்கு இரண்டுமே இப்போது வேண்டாம். ஒரு ஜோடி ஸ்விட்ச் போதும். வாங்கும்போது மட்டும், பின்னாளில் லீஃபாக மாறக்கூடிய ரகமா, விஎக்ஸ்லேன் உறையைச் சிப்பிலேயே போடவும் பிரிக்கவும் தெரிந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜோடிக்குள் இணைக்கத் தேவைப்படும் 100 ஜிகாபிட் போர்ட்டுகள் போக மிச்சமிருப்பவை ஸ்பைன் வரும்வரை காலியாகவே கிடக்கட்டும்.