எந்தச் சொற்றொடரைப் பிடிப்பது?

மரச்செக்கு எண்ணெய் விற்பவர் ஒருவர் தன் இணையப் பக்கத்துக்கு முதன்மைச் சொற்றொடர் தேடுகிறார். கூகுள் கீவேர்ட் பிளானரில் ‘கடலை எண்ணெய்’ மாதம் 10,000-க்கு மேல், ‘மரச்செக்கு கடலை எண்ணெய் விலை’ 100 முதல் 1,000 வரை என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பெரிய எண் ஆசை காட்டும். ஆனால் அதைத் தேடுவோரில் சமையல் குறிப்புக்கு வந்தவரும் உண்டு. விலை கேட்பவரோ பெரும்பாலும் வாங்க வந்தவர்.

பக்கத்தில் ‘போட்டி: குறைவு’ என்றிருந்தால் மயங்க வேண்டாம். அது விளம்பரதாரர்கள் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மோதுகிறார்கள் என்ற கணக்குதான்; விளம்பரமின்றி முதல் பக்கத்தில் இடம்பிடிப்பது எளிதா என்று அது சொல்லாது. அதை அறிய, அந்தச் சொற்றொடரை நீங்களே தேடிப் பாருங்கள். முடிவுகள் எல்லாம் பெரிய விற்பனைத் தளங்களாக இருந்தால் விட்டுவிடுங்கள். சிறு கடைகள் இரண்டு மூன்று தென்பட்டால் அதையே எடுங்கள்.