நிபந்தனையை எழுதினால் எந்திரம் கிடைக்கும்

a, b என்ற இரண்டே எழுத்துகளால் ஆன சரங்களை எடுத்துக்கொள்வோம்: abbab, bba, aabab. இவற்றில் a இரட்டைப்படை எண்ணிக்கையில் வருகிறவற்றை மட்டும் பொறுக்க வேண்டும். கணினிக்காரர் இதற்கு இரண்டே நிலைகள் கொண்ட ஓர் எந்திரத்தைக் கட்டுவார். அது இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும். a வந்தால் நிலை மாறும், b வந்தால் மாறாது. இதுவரை வந்த a-க்கள் ஒற்றையா இரட்டையா என்பது மட்டும்தான் அதற்கு நினைவிருக்கும். இப்படி வரம்புள்ள நினைவோடு படிக்கும் எந்திரம்தான் தானியங்கி. அது பொறுக்கியெடுக்கும் சரங்களின் தொகுப்பை ஒழுங்கு மொழி என்பார்கள்.

தர்க்கவியலாளர் எந்திரம் கட்டமாட்டார், நிபந்தனை எழுதுவார். சரத்தின் இடங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, ‘எல்லா இடத்திலும்’, ‘ஏதோ ஓர் இடத்தில்’, ‘இந்த இடத்தில் a இருக்கிறது’, ‘இது அதற்கு முந்தியது’ என்ற அளவிலேயே பேசுவார். ஆனால் இந்தச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ‘இரட்டைப்படை’ என்று சொல்ல முடியாது. சூத்திரம் எவ்வளவு நீளமானாலும் அது ஒரே சமயத்தில் குறிப்பிட்ட சில இடங்களைத்தான் சுட்ட முடியும். மிக நீளமான சரத்தில் a ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதற்கு வேறுபாடு தெரியாது.

இங்கே ஒரு சலுகை கொடுத்துப் பார்க்கலாம். தனி இடங்களோடு, இடங்களின் கணங்களைப் பற்றியும் ‘இப்படி ஒரு கணம் உண்டு’ என்று சொல்ல அனுமதிப்போம். இதற்குத்தான் மோனாடிக் செகண்ட்-ஆர்டர் லாஜிக் என்று பெயர். இப்போது நம் நிபந்தனையை எழுதிவிடலாம்:

```
∃X ( ∀x ( first(x) → (X(x) ↔ a(x)) )
   ∧ ∀x∀y ( y = x+1 → (a(y) ↔ (X(x) ↔ ¬X(y))) )
   ∧ ∀x ( last(x) → ¬X(x) ) )
```

X என்பது நாம் குறி போட்ட இடங்கள். முதல் எழுத்து a என்றால் அதற்குக் குறி உண்டு, b என்றால் இல்லை. அதன்பின் a வரும் இடத்தில் மட்டும் குறி இருப்பதும் இல்லாததும் மாறும். கடைசி இடத்தில் குறி இருக்கக்கூடாது. abbab-யில் 1, 2, 3 ஆகிய இடங்களுக்குக் குறி விழுகிறது. நான்காவது எழுத்து a, அங்கே குறி நின்றுவிடுகிறது, ஐந்தாவதிலும் இல்லை. நிபந்தனை நிறைவேறியது. bba-வில் கடைசி எழுத்தில்தான் முதல் குறி விழும், எனவே அது தேறாது.

கவனித்துப் பார்த்தால் அந்த X வேறொன்றுமில்லை, எந்திரத்தின் நினைவுதான். எந்தத் தானியங்கியையும் இப்படியே சூத்திரமாக்கலாம்: நிலைக்கு ஒரு கணம் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் எந்திரம் எந்தெந்த இடங்களில் இருந்தது என்று எழுதிவிட்டால் போதும்.

வியப்பு மறுதிசையில்தான் இருக்கிறது. இந்தத் தர்க்கத்தில் எழுதும் எந்தச் சூத்திரத்துக்கும் தானியங்கி உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரிச்சர்ட் ப்யூக்கி, கால்வின் எல்காட், சோவியத் ஒன்றியத்தின் போரிஸ் ட்ராக்டென்பிராட் ஆகியோர் தனித்தனியே இந்த முடிவுக்கு வந்தார்கள். சூத்திரத்தின் சிறு துண்டுகளுக்கு முதலில் சிறு எந்திரங்களைக் கட்டுகிறோம். ‘மற்றும்’ வந்தால் இரண்டு எந்திரங்களையும் ஒரே சமயத்தில் ஓட்டுகிறோம். ‘இல்லை’ வந்தால் ஏற்கும் நிலைகளையும் மறுக்கும் நிலைகளையும் இடம் மாற்றுகிறோம். ‘ஒரு கணம் உண்டு’ என்பதுதான் சிரமம். உள்ளே இருக்கும் எந்திரம் எழுத்துகளையும் அவற்றின் குறிகளையும் சேர்த்துப் படிக்கிறது. குறிகளை அழித்துவிட்டால் அது ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கும்: இங்கே குறி இருந்திருக்குமா, இருந்திருக்காதா? அந்த ஊகங்களில் ஏதாவது ஒன்று கடைசிவரை தேறினால் போதும்.

ஊகிக்கும் எந்திரத்தில் ‘இல்லை’யைப் போடுவதற்கு முன் அதை ஊகிக்காத எந்திரமாக மாற்றியாக வேண்டும். சாத்தியமான எல்லா நிலைகளையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு போவதுதான் அதற்கு வழி. n நிலைகள் இருந்த இடத்தில் 2ⁿ வரை வரலாம். ‘உண்டு’, ‘இல்லை’ என்று மாறிமாறி வந்தால் 2-இன் அடுக்குக்கு மேல் அடுக்கு ஏறும். இந்த வெடிப்பைப் பொதுவாகத் தவிர்க்க வழியில்லை என்று ஆல்பர்ட் மேயர் 1970-களில் நிறுவினார். ஆனாலும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் உருவான MONA என்ற மென்பொருள் இதே முறையில் பல நடைமுறைச் சூத்திரங்களைத் தீர்த்துவைக்கிறது. எந்திரம் கையில் கிடைத்துவிட்டால், தொடக்க நிலையிலிருந்து ஏற்கும் நிலைக்கு வழி உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும். சூத்திரத்தை நிறைவேற்றும் சரம் ஒன்றாவது உண்டா என்பது தெரிந்துவிடும்.

எல்லையும் துல்லியமானது. முதலில் சில a-க்கள், பின் அதே எண்ணிக்கையில் b-க்கள் என்ற நிபந்தனையை எந்தத் தானியங்கியாலும் சோதிக்க முடியாது, ஆகவே இந்தத் தர்க்கத்திலும் எழுத முடியாது. ஒவ்வொரு a-யையும் ஒரு b-யோடு இணைக்க, இடங்களின் கணம் போதாது, இடங்களின் சோடிகள் வேண்டும். சோடிகளை அனுமதித்தால் நிபந்தனையை எழுதிவிடலாம். ஆனால் தானியங்கி கைவிட்டுப் போகும்.

a-க்களின் எண்ணிக்கை மூன்றால் வகுபட வேண்டும் என்ற நிபந்தனையை நீங்களே எழுதிப் பாருங்கள். X, Y என்ற இரண்டு கணங்கள் போதும்.