ஓட்டுனைட்: பச்சையாய் ஒளிரும் யுரேனியக் கனிமம்

நீரேறிய கால்சியம் யுரேனைல் பாஸ்பேட்
டேபிரேக் சுரங்கம், ஸ்போகேன் மலை, வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா

பிரான்ஸின் ஓட்டன் நகரையொட்டிக் கிடைத்ததால், 1852இல் இக்கனிமத்துக்கு இப்பெயர் வைக்கப்பட்டது. பகல் வெளிச்சத்தில் இது எலுமிச்சை மஞ்சள் நிறத்தில், அப்பளத்தை அடுக்கியதுபோல் மெல்லிய தகடுகளாகத் தெரியும்.

பொத்தானை அழுத்துங்கள். புற ஊதா விளக்கு எரிந்ததும் கல் பளீரென்று மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். ஒரு யுரேனியம் அணுவும் இரு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த யுரேனைல் அயனி, புற ஊதாக் கதிரின் ஆற்றலை உள்வாங்கி, அதில் ஒரு பகுதியை நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடுகிறது. விளக்கு அணைந்தால் ஒளியும் நின்றுவிடும்.

இந்த ஒளி கதிரியக்கத்தால் வருவதல்ல. இதைவிட யுரேனியம் மிகுந்த கறுப்பு யுரேனினைட் கொஞ்சமும் ஒளிராது. ஆகவே, ஒளிராத கல் ஆபத்தற்றது என்று எண்ண வேண்டாம். கதிரியக்கத்தை அளவுமானி கொண்டுதான் அறிய முடியும்.

ஆல்ஃபா துகள்களை இந்தக் கண்ணாடி தடுத்துவிடும். ஊடுருவும் காமா கதிரின் தாக்கம் தள்ளி நிற்க நிற்கக் குறையும். ஊழியர்கள் அதிகம் கவனிப்பது தூசியைத்தான். உலர்ந்த காற்றில் நீரிழந்து மெட்டா-ஓட்டுனைட்டாக மாறும்போது தகடுகள் உதிரும். அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. எனவே, தட்டில் வைத்தே கல்லை நகர்த்துவார்கள், கையுறை அணிவார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள், வேலை முடிந்ததும் கை கழுவுவார்கள். கல்லிலிருந்து கசியும் ரேடான் வாயு மூடிய பெட்டிக்குள் சேரும் என்பதால், காற்றோட்டமுள்ள இடத்தில்தான் அதைத் திறப்பார்கள்.