சபரிமலைக் குழுவின் நோட்டீஸ்

(ஊரும் பயணமும் – தொடர்)

ஐப்பசி பாதியிலேயே திருச்சி–திண்டுக்கல் சாலையோரத்து ஊர்களில் சபரிமலைப் பயண நோட்டீஸ்கள் வந்துவிடுகின்றன. வையம்பட்டியில் டீக்கடைச் சுவரிலும் பெட்டிக்கடைக் கதவிலும் ஒட்டப்படும் தாளில் பெரும்பாலும் ஐயப்பன் படம், குருசாமியின் பெயர், புறப்படும் நாள், ஒரு தொகை, இரண்டு செல்பேசி எண்கள் இருக்கும். அழைப்பிதழுக்கு இவ்வளவு போதும். ஆனால் அதைப் படிப்பவர் அழைப்பை ஏற்பதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போய், பம்பையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் மலையேறி, பல மணி நேரம் வரிசையில் நின்று திரும்ப என் உடம்பு தாங்குமா, என் கையிருப்பு தாங்குமா, வேலைக்கு எத்தனை நாள் லீவு சொல்வது என்று அவர் யோசிக்க வேண்டும். அந்த முடிவை மாலை போடுவதற்கு முன்பே எடுக்கத் தேவையானதெல்லாம் தாளில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். மாலை போட்டு, பணமும் கட்டிய பிறகு தெரியவரும் செய்தி யாருக்கும் உதவாது. விரதத்தை முறித்துக்கொண்டு பின்வாங்க எவருக்கும் மனம் வராது.

தேதியில் தொடங்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது எளிமையான விஷயம், ஆனால் கணக்குத் தவறுவது இங்கேதான். 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கார்த்திகை 1 நவம்பர் 17. அன்று மாலை போட்டவருக்கு 41ஆவது நாள் டிசம்பர் 27. மண்டல பூஜையும் அன்றுதான். அன்றிரவு நடை சாத்தினால் மகர விளக்குக் காலத்துக்காக மீண்டும் திறப்பது டிசம்பர் 30 மாலையில். ஆகவே 'கார்த்திகை 1 மாலை, 41 நாள் விரதம், மறுநாள் பயணம்' என்று எழுதும் குழு, நடை சாத்தியிருக்கும் நாளில் பம்பையில் போய் நிற்கும். டிசம்பர் நடுவில் போக விரும்புகிறவர்கள் முழு விரதம் இருக்க வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே மாலை போட வேண்டும். அப்படியானால் நோட்டீஸும் அதற்கு முன்பே வந்தாக வேண்டும். இன்னொன்று, நாளை முடிவு செய்வது இன்று குருசாமி மட்டுமல்ல. ஆன்லைன் வரிசை முன்பதிவில் ஒவ்வொருவருக்கும் நாளும் நேரமும் தனியே கிடைக்க வேண்டும். 2025 நவம்பரில் நடை திறந்த சில நாட்களிலேயே கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால், நேரில் வந்து பதிவு செய்வோரின் எண்ணிக்கையை நாளொன்றுக்கு 20,000லிருந்து 5,000 ஆகக் கேரள உயர் நீதிமன்றம் தற்காலிகமாகக் குறைத்தது. அப்படி எப்போது வேண்டுமானாலும் குறையலாம் என்பதால், 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று 40 பேரை ஏற்றிக்கொண்டு இனி கிளம்ப முடியாது. ஆதார் எண்ணை இந்தத் தேதிக்குள் கொடுங்கள், முன்பதிவு உறுதியான பிறகே வண்டிக்கு முன்பணம் கொடுப்போம் என்று தாளில் இருந்தால், நாள் மாறினாலும் பணம் வீணாகாது.

இதற்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. முப்பது வருடமாக மலைக்குப் போகிற குருசாமிக்கு எல்லாம் தெரியும், அவரைக் கேட்டால் போதும், காகிதத்தில் எதற்கு என்பார்கள். குருசாமியின் அனுபவம் பெரியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கேட்கத் தயங்குகிறவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். முதல் முறை மாலை போடும் கன்னிசாமியும், தனக்குச் சர்க்கரை இருப்பதைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல விரும்பாதவரும், தொகையைத் தவணையாகக் கட்டலாமா என்று கேட்கக் கூச்சப்படுகிறவரும் வாய் திறக்க மாட்டார்கள். நோட்டீஸ் அவர்களுக்காகத்தான். கேள்வி கேட்காமலே பதில் கிடைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

உடல்நலம் பற்றிப் பெரும்பாலான தாள்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இருந்தால் 'நோயாளிகள் தவிர்க்கவும்' என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். யார் நோயாளி? மாத்திரை போட்டுக்கொண்டு வயல் வேலைக்குப் போகிறவர் தன்னை நோயாளி என்று நினைப்பதில்லை. மலையில் உயிரைப் பறிப்பவற்றுள் முக்கியமானது மாரடைப்பு. நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றங்கள் செங்குத்தானவை. அதனால்தான் பம்பை முதல் சன்னிதானம் வரை வழியெங்கும் அவசர சிகிச்சை மையங்களைக் கேரள சுகாதாரத் துறை நடத்துகிறது. அந்தத் துறை பக்தர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் முதன்மையானது, வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை விரதத்துக்காக நிறுத்தாதீர்கள் என்பது. இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் மாலை போட்டதும் மாத்திரையும் கூடாது என்று நம்பி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் அது மலையேறிய களைப்பு என்று உடன் வருபவர்கள் நினைத்துவிடுவார்கள். உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட வேண்டிய நேரம் அது. ஆகவே மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, விரத நாட்களில் மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டும், நான்கைந்து நாளுக்கு வேண்டிய மாத்திரையும் இருமுடியோடு அல்லாமல் தோள் பையில் இருக்க வேண்டும். பயணத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே தினமும் நடந்து பழக வேண்டும். ஏறும்போது நெஞ்சு அடைத்தாலோ மூச்சுத் திணறினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஏறக்கூடாது. நீலிமலை ஏற்றம் முடியாதவர்களுக்குச் சுவாமி ஐயப்பன் சாலை இருக்கிறது. அந்த வழியில் போவது விரதத்துக்குக் குறையல்ல என்பதைக் குருசாமியின் வாக்காகவே தாளில் போடலாம். மூளையைத் தாக்கும் அமீபா நோய் கேரளத்தில் கண்டறியப்பட்டதால், நீராடும்போது மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி 2025ஆம் ஆண்டு எச்சரிக்கை வந்தது. அந்த அமீபா நுழைவது மூக்கு வழியாகத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினால் போதும், நீராடலையே விட வேண்டியதில்லை.

இப்படியெல்லாம் எழுதினால் வர இருப்பவர்களும் பயந்து நின்றுவிடுவார்கள், வண்டியில் இருக்கை நிரம்பாது என்ற மறுப்பு வரும். நிரம்பாமல் போகலாம்தான். அதனால் வரும் இழப்பு எவ்வளவு என்பதைச் செலவுக் கணக்கே காட்டிவிடும். பேச்சுக்கு, வண்டி வாடகை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் வந்தால் தலைக்கு 1,200. 40 பேர் என்றால் 1,500. வித்தியாசம் 300 ரூபாய். இதை மறைத்து 1,200 என்று மட்டும் போட்டுவிட்டு, புறப்படும் இரவில் கூடுதலாகக் கேட்பதுதான் சண்டைக்கு வித்து. '40 பேருக்குக் கணக்கிட்டு 1,500 ரூபாய் வாங்குகிறோம். அதிகம் பேர் வந்தால் மீதியைத் திரும்பத் தருகிறோம்' என்று எழுதும் குழுவுக்கு அடுத்த வருடமும் ஆள் வரும். அதோடு தொகைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதும் வேண்டும். கேரளத்துக்கான வண்டி வரி யார் பொறுப்பு? சாப்பாடு எத்தனை வேளை? பெரிய வண்டிகள் நிலக்கல்லில் நின்றுவிடும். அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசு பஸ்ஸில் போக வேண்டும். அந்தக் கட்டணம் தனி என்று தெரியாமல் நிலக்கல்லில் முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர். காய்ச்சலாலோ வீட்டில் துக்கத்தாலோ ஒருவர் வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் தொகைக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

உடைக்கும் நடத்தைக்கும் வரும்போது தாளின் தொனி சட்டென்று மாறி அதட்டலாகிவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவாக மேலிருந்து போடும் உடை விதி எளிதில் நிலைப்பதில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலிருந்தே கிளம்பிய வழக்கு ஒன்று உண்டு. திருச்சி மாவட்டத்துக் கிராமக் கோயில் ஒன்றில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வந்த மனுவில்தான், 2015 நவம்பரில், தமிழகக் கோயில்களுக்கெல்லாம் உடை விதியை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி வகுத்தார். 2016 ஜனவரி 1 முதல் கோயில் வாசல்களில் பலகை வைத்தார்கள். அந்த மாதமே அமர்வு ஒன்று அதற்குத் தடை விதித்தது. குழு நோட்டீஸில் உத்தரவு போடுவதற்குப் பதிலாக உடைக்கான காரணத்தைச் சொல்வது கடினமே இல்லை. கறுப்போ நீலமோ காவியோ, குழு முழுக்க ஒரே நிறத்தில் இருந்தால் கூட்டத்தில் தவறியவரைக் கண்டுபிடிக்கலாம். மலையில் இரவு குளிரும் என்பதால் ஒரு போர்வை வேண்டும். திரும்பும் வழியில் வேறு கோயில்களுக்குப் போவதாக இருந்தால் அங்கே எந்த உடை கேட்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பம்பையில் துணியை விட்டுவிட்டு வருவது சடங்கே அல்ல என்று தந்திரிகளும் தேவசம் போர்டும் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆற்றைக் கெடுப்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட. இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் வேண்டாம் என்று 2024இல் தந்திரி கேட்டுக்கொண்டார், ஏனென்றால் அவை பெரும்பாலும் பயன்படாமல் குப்பைக்கே போகின்றன. இதையெல்லாம் 'சாமிமார்களே, உடுத்திய துணியை ஆற்றில் விடாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இருமுடியில் அரிசியும் நெய்த்தேங்காயும் போதும், பிளாஸ்டிக் பை வேண்டாம்' என்று இரண்டு வாக்கியத்தில் பணிவாகச் சொல்லிவிடலாம். கன்டோன்மென்ட் ஐயப்பன் கோயிலுக்குப் போயிருக்கிற திருச்சிக்காரர்கள், மென்மையாகச் சொன்ன விதியைக் கூட்டம் எப்படி மதிக்கிறது என்பதை நேரில் பார்த்திருப்பார்கள்.

நடத்தை பற்றிய பகுதியில் வழக்கமாக விட்டுப்போகிறவர் ஓட்டுநர். 2022 டிசம்பரில், சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்தர்களின் வாகனம் குமுளி மலைச்சாலையில் இரவில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். வையம்பட்டிக்காரர்களும் திண்டுக்கல், தேனி, கம்பம் என்று அதே திசையில்தான் போகிறார்கள். சீசனில் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடுவதால் வழி நீளும், நேரமும் கூடும். வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் 'ராத்திரியே கிளம்பிடலாம்ணே' என்று பின் இருக்கையிலிருந்து நெருக்குவது பயணிகள்தான். ஆகவே இரண்டு ஓட்டுநர்கள் வருவார்கள், மலையிலிருந்து இறங்கியபின் ஓட்டுநர் தூங்கி எழும்வரை வண்டி நகராது, அதனால் ஊர் திரும்ப அரை நாள் தாமதமாகலாம் என்பதைத் தேதிக்கு அடுத்த வரியிலேயே போட வேண்டும். லீவு கேட்பவர் அந்த அரை நாளையும் சேர்த்தே கேட்டுக்கொள்வார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு பெரிய தாளால் என்ன பயன் என்று கேட்பது நியாயம். அதற்கு வழி பூஜையிலேயே இருக்கிறது. மாலை போடுவதற்கு முந்தைய வாரம் பஜனைக்கு எல்லாரும் கூடும்போது, படித்த பையன் ஒருவன் இதை உரக்க வாசிக்கட்டும். இருமுடி கட்டும் அன்று மருந்து, துணி, ஓட்டுநர் பற்றிய பகுதியை மட்டும் இன்னொரு முறை வாசித்தால் போதும். வாசித்து முடித்ததும், உடன் வருகிறவர்களின் மருந்து விவரமும் வீட்டுச் செல்பேசி எண்ணும் எழுதிய பட்டியலைக் குருசாமி ஒரு பிரதியும், வண்டியில் முன் இருக்கையில் உட்காருபவர் ஒரு பிரதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.